லாரி ரசீதில் ஒரு வரி

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருக்கிறது. திருநெல்வேலியில் ஒரு வீட்டுச் சாமான் கடையின் கிடங்கு வாசலில் கோயம்புத்தூரிலிருந்து வந்த பார்சல் லாரி நிற்கிறது. இறங்க வேண்டியவை 60 பெட்டி வெட் கிரைண்டர். பெட்டிகளை எண்ணி இறக்கியாகிவிட்டது. ஓட்டுநர் ரசீதை நீட்டுகிறார்.

“அண்ணாச்சி, அறுவதும் சரியா இருக்குல்லா? கையெழுத்தப் போடுங்க. வள்ளியூர்ல இன்னொரு எறக்கம் கெடக்கு.”

சில பெட்டிகள் நசுங்கியிருக்கின்றன, சில நனைந்திருக்கின்றன. கடைக்காரர் அதைக் காட்டினால் பதில் தயாராக இருக்கும்: “அட்டைதானே அண்ணாச்சி, உள்ள சாமான் நல்லாத்தான் இருக்கும். ஏதும்னா ஆபீஸ்ல பேசிக்கிடலாம்.” பெரும்பாலான கடைகளில் அந்த இடத்தில் பேனா ஓடிவிடுகிறது. ரசீதின் அடியில் பொடி எழுத்தில், சரக்கை நல்ல நிலையில் முழுமையாகப் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி அச்சாகியிருக்கும். கையெழுத்து அதற்குக் கீழேதான் விழுகிறது. ஒரு வாரம் கழித்துப் பெட்டியைப் பிரித்து, உடைந்த கல்லைப் பார்த்துவிட்டு டிரான்ஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போன் செய்தால், அவர்கள் அந்தக் கையெழுத்தைத்தான் காட்டுவார்கள்.

வழியில் சேதமான சரக்குக்கு இழப்பீடு கேட்பது வக்கீலும் நீதிமன்றமும் சம்பந்தப்பட்ட பெரிய விவகாரம் என்று பல வியாபாரிகள் நினைக்கிறார்கள். அப்படிப் போவதும் உண்டுதான். ஆனால் அது வெல்லுமா தோற்குமா என்பது லாரி வாசலில் நின்ற அந்த ஒரு மணி நேரத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. இன்னொரு பாதி, கடையின் சரக்குக் கணக்கில் அந்த உடைந்த பெட்டிகள் எப்படி எழுதப்பட்டன என்பதில் இருக்கிறது. மேலே சொன்ன 60 பெட்டிகளையே உதாரணமாக வைத்துக்கொண்டு இரண்டையும் பார்க்கலாம். கணக்கு விளங்குவதற்காக, ஒரு கிரைண்டரின் வாங்கிய விலை வரி நீங்கலாக 4,000 ரூபாய் என்றும், பெட்டிக்கு 80 ரூபாய் வீதம் லாரி வாடகை 4,800 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். கோவையில் எல்.ஆர். போட்ட நாள் 2025 நவம்பர் 4. சரக்கு வந்து சேர்ந்த நாள் நவம்பர் 6.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் அது வியாபாரிக்கு அவர் நினைப்பதைவிட அதிகம் சாதகமானது. ஆங்கிலேயர் காலத்தில், 1865இல் வந்த சரக்கேற்றுவோர் சட்டத்தை நீக்கிவிட்டு, சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. 2011 மார்ச் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டத்தில் இருந்த ஒரு முக்கியமான பாதுகாப்பு இதிலும் தொடர்கிறது. சரக்கு சேதமானால், லாரிக்காரரின் கவனக்குறைவால்தான் அது நடந்தது என்று சரக்குக்காரர் நிரூபிக்க வேண்டியதில்லை. நல்ல நிலையில் ஒப்படைத்தேன், கெட்ட நிலையில் வந்தது என்று காட்டினால் போதும். மீதியை லாரிக்காரர்தான் விளக்க வேண்டும். இயற்கைச் சீற்றம், போர், கலவரம், அரசின் தடையாணை, சட்டப்படியான பறிமுதல் போன்ற சில காரணங்களைச் சொல்லி அவர் விலகலாம். ஆனால் உரிய கவனம் எடுத்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்றால் அந்தக் காரணங்களும் அவரைக் காப்பாற்றாது. ஐப்பசியில் மழை பெய்வது யாருக்கும் தெரிந்த செய்தி; தார்ப்பாய் கிழிந்திருந்ததற்கு மழையைக் காரணமாகச் சொல்ல முடியாது.

இந்தப் பாதுகாப்பு எவ்வளவு உறுதியானது என்பதற்குத் திண்டுக்கல்லில் தொடங்கிய ஒரு வழக்கே சாட்சி. சரண் ஸ்பின்னிங் மில்ஸ் என்ற நூற்பாலை 1995 அக்டோபரில் 7,70,948 ரூபாய் மதிப்புள்ள பின்னலாடை நூலை ஒரு டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தின் வழியாக அனுப்பியது. லாரி விபத்தில் சிக்கி நூல் பாழானது. காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் இழப்பை 4,47,436 ரூபாய் என்று மதிப்பிட்டார். காப்பீட்டு நிறுவனம் அந்தத் தொகையை ஆலைக்குக் கொடுத்துவிட்டு, ஆலையோடு சேர்ந்து திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் டிரான்ஸ்போர்ட் மீது புகார் செய்தது. எதிரே வந்த வண்டியின் தவறு, எங்கள் ஓட்டுநர்மேல் பிழையில்லை என்பது டிரான்ஸ்போர்ட்டின் வாதம். அது எடுபடவில்லை; சட்டப்படி கவனக்குறைவு இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்று மன்றம் சொன்னது. வழக்கு மேலே மேலே போய், 2010 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இழப்பீடு நிலைத்தது. லாரி கவிழ்ந்து பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலாகியிருந்தது.

எல்லா எல்.ஆரிலும் ஒரு மூலையில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்று அச்சாகியிருப்பதைப் பார்த்துப் பயப்படுபவர்களும் உண்டு. சேதத்தின் பொறுப்பு சரக்குக்காரருடையது என்று அதற்குப் பொருள். அந்த இரண்டு சொற்களால் மட்டும் லாரிக்காரர் தன் கவனக்குறைவிலிருந்து தப்பிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தெளிவாக்கிவிட்டது.

ஆக, நிரூபிக்க வேண்டியது இரண்டே. கோவையில் நல்லபடி ஏறியது என்பதற்கு எல்.ஆர். இருக்கிறது. நெல்லையில் கெட்டு இறங்கியது என்பதற்கு என்ன இருக்கிறது? அங்கேதான் வாசலில் எழுதும் அந்த வரி வருகிறது.

சரியாகச் செய்யும் கடையில் வேலை பெட்டியை இறக்குவதற்கு முன்பே தொடங்குகிறது. தார்ப்பாயை அவிழ்த்ததும் முதல் படம் எடுக்க வேண்டும்: லாரியின் எண் தெரிய ஒன்று, தார்ப்பாயின் கிழிசல் ஒன்று, சரக்கு ஏற்றியிருந்த நிலையில் ஒன்று. மூன்றாவது படம்தான் மிக முக்கியம், அதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். பார்சல் லாரியில் நம் சரக்கு மட்டும் வருவதில்லை. கிரைண்டர் பெட்டிகளின்மேல் இன்னொருவருடைய இரும்புக் குழாய்க் கட்டுகள் கிடந்திருக்கலாம். குழாய்களை இறக்கிவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். பிறகு ‘பேக்கிங் சரியில்லை, அதனால் நசுங்கியது’ என்பதே லாரிக்காரரின் முதல் பதிலாக இருக்கும். பெட்டிமேல் குழாய்கள் கிடக்கும் படம் ஒன்று இருந்தால் அந்தப் பதில் நிற்காது.

இறக்கியபின், சந்தேகமான பெட்டிகளைத் தனியே வைக்க வேண்டும். நம் உதாரணத்தில் மேலடுக்கில் 3 பெட்டி நனைந்திருக்கிறது, அடியில் 8 பெட்டி நசுங்கியிருக்கிறது. மொத்தம் 11. இனி ரசீது. ‘சரிபார்ப்புக்கு உட்பட்டுப் பெற்றுக்கொண்டேன்’ என்று பொதுவாக எழுதுவது பலரின் பழக்கம். எதுவும் எழுதாததைவிட அது மேல். ஆனால் அதை வைத்து எந்தப் பெட்டி, என்ன சேதம் என்று பின்னால் சொல்ல முடியாது. எழுத வேண்டியது இப்படி இருக்க வேண்டும்:

“60 பெட்டியில் 3 பெட்டி மழையில் நனைந்து, 8 பெட்டி நசுங்கி வந்துள்ளன. தார்ப்பாய் கிழிந்திருந்தது. உள்ளிருக்கும் பொருள் பிரித்துப் பார்க்கப்படவில்லை. 6.11.2025, காலை 10.40.”

கீழே கடைக்காரரின் கையெழுத்து, முத்திரை. பக்கத்தில் ஓட்டுநரின் பெயரும் கையெழுத்தும். இதை ரசீதின் எல்லாப் பிரதிகளிலும் எழுத வேண்டும். கடையில் தங்கும் பிரதியில் மட்டும் எழுதிவிட்டு, லாரிக்காரர் கொண்டுபோகும் பிரதியை வெறுமனே விட்டால் இரண்டு பிரதியும் இரண்டு கதை சொல்லும். ஓட்டுநர் கையெழுத்துப் போட மறுப்பதும் நடக்கும். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. எழுதினால் தன் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம் அவருக்கு. ‘ஓட்டுநர் கையெழுத்திட மறுத்தார்’ என்று அதே ரசீதில் எழுதி, அங்கிருக்கும் ஒருவரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லலாம். அந்த ரசீதைப் படமெடுத்து, ஓட்டுநர் புறப்படும் முன்பே டிரான்ஸ்போர்ட் கிளைக்கு அனுப்பிவிட வேண்டும்.

அடுத்த படி, பெட்டிகளை டிரான்ஸ்போர்ட்டின் ஆள் முன்னிலையில் பிரிப்பது. இதைத் தொழிலில் ‘ஓப்பன் டெலிவரி’ என்பார்கள். கிளையிலிருந்து ஒருவர் வந்து, ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து, உள்ளே இருப்பதன் வரிசை எண்ணையும் சேதத்தையும் பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும். அதை வைத்துக் கிளை மேலாளர் சேதச் சான்று தருவார். காப்பீடு எடுத்திருந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் தாள்களில் அதுவும் ஒன்று. கிளைக்காரர்கள் வராமல் இழுத்தடித்தால், எந்த நாளில் எத்தனை மணிக்குப் பிரிக்கப் போகிறோம் என்று எழுத்தில் அறிவித்துவிட்டுப் பிரிக்கலாம். கூப்பிட்டும் வரவில்லை என்பதும் ஒரு சாட்சியம்தான்.

நசுங்கிய அட்டையையும் உடைந்த தெர்மக்கோலையும் அன்றே பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடக் கூடாது. பேக்கிங் எப்படி இருந்தது என்பதுதான் வாதத்தின் மையம் என்பதால், சர்வேயர் பார்த்து முடிக்கும்வரை அது இருந்தாக வேண்டும். படங்களிலும் ஒரு கவனம் வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பிய பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு மூலப்படத்தை அழித்துவிட்டால், எடுத்த நேரம் முதலிய விவரங்கள் போய்விடும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் கொடுப்பவர் அது எந்தக் கருவியில் எடுத்தது என்று சான்றளிக்க வேண்டும். படம் எடுத்த போனிலேயே மூலக்கோப்பு இருந்தால் அந்தச் சான்று எளிது.

இதற்கிடையில் கடைக்குள் கணக்கர் ஒரு கேள்வியோடு உட்கார்ந்திருப்பார். பில் 60க்கு வந்திருக்கிறது. ஸ்டாக்கில் எத்தனை ஏற்றுவது?

பெரும்பாலான கடைகளில் இதற்கு மூன்று விதமான பதில்கள் நடைமுறையில் இருக்கின்றன, மூன்றும் தவறு. சிலர் 60ஐயும் அப்படியே வரவு வைத்துவிடுவார்கள். கணினியில் 60 என்று தெரிவதால், கவுண்டரில் இருப்பவர் வள்ளியூர்க் கிளைக்கு 55 அனுப்புவதாக வாக்குக் கொடுப்பார். கிடங்குக்குப் போனால் 49தான் நல்லதாக இருக்கும். சிலர் 49 மட்டும் ஏற்றுவார்கள். அப்போது சப்ளையரின் பில்லும், ஜி.எஸ்.டி. தளத்தில் தெரியும் பில்லும் 60 என்க, கடைக் கணக்கு 49 என்கும். கிடங்கு மூலையில் கண்ணெதிரே கிடக்கும் 11 கிரைண்டர் எந்தக் கணக்கிலும் இருக்காது. கணக்கில் இல்லாத பொருளுக்கு இழப்பீடு கேட்பது எப்படி? மூன்றாவது வகையினர் 60ஐ ஏற்றிவிட்டு, அன்றே 11ஐ நஷ்டம் என்று எழுதித் தள்ளிவிடுவார்கள். அந்த 11க்குள் எத்தனை உண்மையில் உடைந்தது என்று அந்த நாளில் யாருக்குமே தெரியாது.

சரியான வழி எளிமையானது. வந்து சேர்ந்தது 60 என்பதால் 60ஐயும் வரவு வைக்க வேண்டும். அதே நாளில் 11ஐ ‘சேதம் – சோதனையில்’ என்று பெயரிட்ட வேறொரு கிடங்குக்கு மாற்ற வேண்டும். டேலி போன்ற மென்பொருளில் உண்மையில் இன்னொரு கட்டடம் இருக்க வேண்டிய அவசியமில்லை. பெயருக்கு ஒரு கிடங்கை உருவாக்கி, ஸ்டாக் ஜர்னல் பதிவின் மூலம் 11ஐ அங்கே நகர்த்தினால் போதும். விற்பனைக்கு உரியது 49, நிறுத்தி வைத்தது 11, மொத்தம் 60. பதிவின் குறிப்பில் எல்.ஆர். எண்ணும், 11 கிரைண்டர்களின் வரிசை எண்களும் இருக்க வேண்டும். கிடங்கிலும் அந்தப் பெட்டிகளை உண்மையாகவே தனி இடத்தில் வைத்துச் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும். கணக்கில் பிரித்துவிட்டு இடத்தில் பிரிக்காவிட்டால், அவசரமான ஒரு சனிக்கிழமையில் யாராவது அவற்றில் ஒன்றை எடுத்து விற்றுவிடுவார்கள். அப்புறம் 11க்கு இழப்பீடு கேட்கும் கடையில் 10தான் இருக்கும்.

பெட்டி வரவே இல்லை என்றால் கணக்கு வேறு. 60க்கு 58தான் இறங்கியது என்றால், இல்லாத இரண்டைச் சேதக் கிடங்கில் வைக்க முடியாது. 58ஐ மட்டும் வரவு வைத்து, இரண்டை ‘வழியில் உள்ள சரக்கு’ என்று தனியே காட்ட வேண்டும். அது இன்னொரு லாரியில் மாறிப் போய் ஒரு வாரத்தில் வந்து சேர்வதும் உண்டு.

நவம்பர் 7 அன்று 11 பெட்டியையும் பிரித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டில் அட்டை மட்டும்தான் நசுங்கியிருக்கிறது. ஓட்டிப் பார்த்தால் நன்றாக ஓடுகிறது. ஐந்தில் வெளிக்கூடு உடைந்திருக்கிறது. தலா 900 ரூபாய் செலவில் மாற்றலாம், ஆனால் புதியது என்று சொல்லி விற்க முடியாது, வாங்கிய விலையான 4,000க்குத் தள்ளிவிடலாம். நான்கில் கல் பிளந்து, மோட்டாரில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. உடைசலாகப் போட்டால் தலா 400 ரூபாய் கிடைக்கும். இந்த முடிவு எழுத்தில் வந்தபிறகுதான் கணக்கில் அடுத்த அசைவு. இரண்டு, சேதக் கிடங்கிலிருந்து விற்பனைக் கிடங்குக்குத் திரும்புகிறது. விற்பனைக்கு இப்போது 51. மீதி 9 அங்கேயே நிற்கிறது, ஆனால் மதிப்புக் குறைகிறது.

எவ்வளவு குறைகிறது என்பதற்கு இந்தியக் கணக்கியல் தரநிலை 2 ஒரு விதி சொல்கிறது. கையிருப்பின் மதிப்பு வாங்கிய விலை அல்லது விற்றால் நிகரமாகக் கைக்கு வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான். பழுது பார்க்கக்கூடிய ஐந்தும் 4,000க்கு விற்று 900 செலவு போனால் கைக்கு வருவது தலா 3,100. உடைசல் நான்கும் தலா 400. ஆக ஐந்துக்கு 4,500, நான்குக்கு 14,400, மொத்தம் 18,900 ரூபாய் சரக்கின் மதிப்பிலிருந்து இறங்கி நஷ்டக் கணக்குக்குப் போகிறது. 2,40,000 என்று இருந்த கையிருப்பு இப்போது 2,21,100.

இங்கேதான் மிகப் பரவலான பிழை நடக்கிறது. ‘டிரான்ஸ்போர்ட்காரன் தரப்போகிறானே’ என்று சொல்லி, நஷ்டத்தை எழுதாமல் சரக்கைப் பழைய மதிப்பிலேயே வைத்திருப்பார்கள். அல்லது அந்த 18,900ஐ வரவேண்டிய பாக்கி என்று சொத்துக் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். இழப்பீட்டுக் கோரிக்கை பாக்கி அல்ல. எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்ளாதவரை அது வரலாம், வராமலும் போகலாம். அப்படி உறுதியில்லாத வரவைக் கணக்கில் சொத்தாகக் காட்டக் கூடாது என்பது தரநிலை 29இன் விதி. கோரிக்கையைத் தனியாக ஒரு பதிவேட்டில் எல்.ஆர். எண், அறிவிப்பு அனுப்பிய நாள், கேட்ட தொகை என்று எழுதி வைத்தால் போதும். சரக்கு தன் வழியில் போகட்டும், கோரிக்கை தன் வழியில் போகட்டும். பணம் வரும் நாளில் அது நஷ்டத்தை ஈடுசெய்யும் வரவாகப் பதிவாகும். ஸ்டாக்கின் எண்ணிக்கையையோ மதிப்பையோ அது தொடாது.

வரியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அழிந்துபோன அல்லது எழுதித் தள்ளிய சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திரும்பக் கட்ட வேண்டும் என்கிறது மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு. பழுது பார்த்து விற்கும் ஐந்துக்கு அந்தப் பிரச்சினை வராது. அந்த நான்கு முழுதாக அழிந்தது என்று எழுதப்படுமா, உடைசலாகப் பில் போட்டு விற்கப்படுமா என்பதை ஆடிட்டரிடம் முன்பே கேட்டுவிட வேண்டும். வரியைத் திரும்பக் கட்டினால் அதுவும் கடைக்கு ஏற்பட்ட இழப்பே. கோரிக்கையில் அதையும் சேர்க்க வேண்டும். கோரிக்கை அனுப்பி முடித்தபிறகு மார்ச் மாதக் கடைசியில் ஆடிட்டர் சொல்லித் தெரிந்துகொண்டால், அந்தத் தொகையைக் கேட்க மறுபடி கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

இனி அறிவிப்பு. சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, வழக்குத் தொடுக்கும் முன் லாரி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். அதுவும் சரக்கைப் புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள். சரக்கு வந்த நாளிலிருந்து அல்ல, சேதம் தெரிந்த நாளிலிருந்தும் அல்ல. நம் உதாரணத்தில் நவம்பர் 4இலிருந்து எண்ணினால் 2026 மே 3. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாய்ப்பேச்சு, போன், ‘பார்த்துச் செய்கிறோம் அண்ணாச்சி’ என்ற உறுதிமொழி எதுவும் இந்தக் கடிகாரத்தை நிறுத்துவதில்லை. ஆறு மாதம் பேசிப் பேசியே கழிவதுதான் பல கோரிக்கைகள் சாகும் விதம். அதனால் பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், ஒரு வாரத்துக்குள் அறிவிப்புப் போய்விட வேண்டும். அதில் எல்.ஆர். எண்ணும் தேதியும், லாரி எண், பில் எண், சேதமான பெட்டிகளின் விவரம், கேட்கும் தொகை, இது 16ஆம் பிரிவின்கீழ் அனுப்பும் அறிவிப்பு என்ற வாசகம் எல்லாம் இருக்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில், கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்புவது நல்லது. எல்.ஆர். கோவைக்காரர் பெயரில் போடப்பட்டது என்பதால், அனுப்பியவரும் பெற்றவரும் சேர்ந்து கையெழுத்திட்டு அனுப்பினால் ‘உங்களுக்கும் எங்களுக்கும் ஒப்பந்தமே இல்லையே’ என்ற பதிலுக்கு இடமிருக்காது.

சரக்கு யாருடையது என்பதும் இங்கே தொக்கி நிற்கும் கேள்வி. ‘எங்கள் கிடங்கை விட்டுப் புறப்பட்டபின் நாங்கள் பொறுப்பல்ல’ என்று பெரும்பாலான பில்களில் அச்சாகியிருக்கிறது. அப்படியானால் வழியில் நேர்ந்த நஷ்டம் வாங்கியவருடையது. சப்ளையரின் பில் தொகையில் கழித்துக்கொள்ள முடியாது.

காப்பீடு இருந்தால் வேலை குறையும் என்று நினைக்க வேண்டாம். உள்நாட்டுச் சரக்குக் காப்பீடு எடுத்திருப்பவர் சேதம் தெரிந்த அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும், சர்வேயர் பார்க்கும்வரை பழுது பார்க்கவோ விற்கவோ கூடாது, லாரிக்காரருக்கான அறிவிப்பையும் காலத்தில் கொடுக்க வேண்டும். திண்டுக்கல் வழக்கில் நடந்ததைப்போல, இழப்பைக் கொடுத்த காப்பீட்டு நிறுவனம் வியாபாரியின் இடத்தில் நின்று லாரிக்காரரிடம் வசூலிக்கப் போகும். அந்த உரிமையை வியாபாரி 180 நாளைத் தவறவிட்டு அழித்துவிட்டால், தமக்கு வரவேண்டிய தொகையிலும் குறைப்பு வரும். சர்வேயர் கேட்கும் தாள்களில் ஸ்டாக் பதிவேடும் இருக்கும். அவர் பட்டியலில் இருக்கும் வரிசை எண்கள் சேதக் கிடங்கின் பதிவில் அதே தேதியில் இருக்கின்றனவா என்று அவர் பார்ப்பார்.

எவ்வளவு கிடைக்கும்? இதுதான் பலருக்குத் தெரியாத இடம். கூடுதல் கட்டணம் செலுத்தி உயர் இடர் விகிதத்தில் புக் செய்திருந்தால் தவிர, லாரி நிறுவனத்தின் பொறுப்புக்கு 2011ஆம் ஆண்டு விதிகள் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கின்றன: வாடகையின் பத்து மடங்கு. அதுவும் சரக்கை ஒப்படைக்கும்போது எழுதிக்கொடுத்த மதிப்பைத் தாண்டாது. நம் உதாரணத்தில் வாடகை 4,800 என்பதால் உச்சவரம்பு 48,000 ரூபாய். கேட்பது 18,900; வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் அந்த லாரி ஒரு வெள்ளத்தில் இறங்கி 60 பெட்டியும் பாழாகியிருந்தால்? போனது 2,40,000 ரூபாய். இந்த வரம்பின்படி கிடைக்கக்கூடியது 48,000. மீதி 1,92,000 ரூபாய்க்குக் காப்பீடு ஒன்றுதான் துணை. எடை குறைவாகவும் விலை அதிகமாகவும் உள்ள சரக்கில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகும், ஏனென்றால் வாடகை எடைக்கும் இடத்துக்கும் ஏற்பத்தான் போடப்படுகிறது.

நடைமுறையில் 18,900 ரூபாய்க் கோரிக்கைகள் பெரும்பாலும் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. கிளை மேலாளர் ஒரு தொகை சொல்வார், அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்பார். தாள்கள் ஒழுங்காக இருக்கும் கடைக்கு அவர் சொல்லும் தொகையும், ‘பேசிக்கிடலாம்’ என்று விட்ட கடைக்குச் சொல்லும் தொகையும் ஒன்றல்ல. ஒத்துக்கொண்ட தொகையை எழுத்தில் வாங்க வேண்டும். அவர்கள் சம்மதிக்காமலே வாடகையில் பிடித்துக்கொள்வது உறவையும் கெடுக்கும், அறிவிப்புக்கும் மாற்றாகாது. ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் கையெழுத்திட்டால் மீதியைக் கேட்கும் உரிமை போய்விடும். காப்பீடு இருக்கும்போது அந்த நிறுவனத்தைக் கேட்காமல் அதில் கையெழுத்திடவே கூடாது. பேச்சில் முடியாவிட்டால், சேதம் நேர்ந்ததிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். வியாபாரத்துக்காகச் சேவை பெறுவோருக்கு நுகர்வோர் மன்றத்தின் கதவு 2003இல் வந்த திருத்தத்துக்குப்பின் பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. வீடு மாற்றும்போது உடைந்த பீரோவுக்கும் பிரிட்ஜுக்கும் அது இன்னும் திறந்திருக்கிறது.

அடுத்த லோடு புக் செய்யும்போது எல்.ஆரில் ‘சரக்கின் மதிப்பு’ என்ற கட்டத்தைப் பாருங்கள். நிறைய எல்.ஆர்.களில் அது வெறுமையாக இருக்கும், அல்லது ‘பில்லில் உள்ளபடி’ என்று எழுதியிருக்கும். அனுப்புகிறவரிடம் சொல்லி, அங்கே தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்லுங்கள். வாடகையின் பத்து மடங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, சரக்கின் மதிப்பு அதைத் தாண்டினால் லாரி புறப்படும் முன்பே காப்பீடு எடுத்துவிடுங்கள்.